குதிரை வித்தவன் வாயைத் தொறக்கலே

வண்டி பளபளன்னுதான் இருக்குது கண்ணு, நானென்ன இல்லைன்னா சொன்னேன்? பானெட்டுல மொகம் பாத்து மீசை ஒதுக்கிக்கலாம். உள்ள உக்காந்தா மல்லிகைச் செண்டு வாசம் மூக்கைத் துளைக்குது. சீட்டுக்குப் புது உறை, டேஷ்போர்டுல ஒரு புள்ளையாரு. அஞ்சு லட்சத்து நாப்பதாயிரம் எண்ணிக் குடுத்துப்போட்டு, பண்ணாரியம்மன் கோயில் வாசல்ல எலுமிச்சம்பழத்து மேல ஏத்தியும் வந்துட்டே. எல்லாஞ் செரி. ஒன்னே ஒன்னு கேக்கறேன், கோவிச்சுக்காதே. ரெண்டு மாசத்துல எடது முன்சக்கரத்து டயரு உள்பக்கம் மட்டும் வழுக்கையாப் போச்சே, அதை அந்தப் புள்ளையாருகிட்டக் கேட்டியா, வண்டி வித்த கன்சல்டிங்காரன்கிட்டக் கேட்டியா?

"அலைன்மெண்ட் பண்ணுனாச் செரியாப் போயிருமுன்னு சொன்னானுங்க அப்பிச்சி"ங்கறே. சொல்லுவான், சொல்லாம? அலைன்மெண்டு கடைக்காரன் என்ன சொன்னான்னு அதையுஞ் சேத்திச் சொல்லு. ரெண்டு வாட்டி மெஷின்ல ஏத்தி எறக்கிப்போட்டு, "டோ செட்டாகுது, கேம்பர் செட்டாகலீங்க"ன்னு உதட்டைப் பிதுக்கினான் இல்லியா? அங்கதான் சாமி கதையே இருக்குது. இந்த மாதிரி சின்னக் கார்கள்ல பெரும்பாலும் டோவை மட்டுந்தான் திருகி வெக்க முடியும். கேம்பருங்கறது சக்கரம் உள்ளயோ வெளியோ சாஞ்சு நிக்கற கணக்கு. அதுக்குத் திருகாணி கெடையாது, கம்பெனியில வெச்சபடிதான் நிக்கோணும். அது தப்பி நிக்குதுன்னா ஸ்ட்ரட்டு வளைஞ்சிருக்கோணும், இல்லீன்னா அந்த ஸ்ட்ரட்டு உக்காந்திருக்கற அப்ரான் தகடே எடம் மாறியிருக்கோணும். தகடு தானா எடம் மாறாது கண்ணு. எங்கியோ போயி எதையோ முட்டியிருக்குது.

உனக்கு வித்தவன் என்ன சொன்னான்? "ஒரே ஓனருங்க, டாக்டரு ஓட்டுன வண்டிங்க, ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்கும் போனதோட செரிங்க." இந்த ஈரோடு, கோயமுத்தூரு, திருப்பூருல விக்கற பழைய காரையெல்லாங் கணக்குப் பாத்தா, பாதி வண்டி டாக்டரு ஓட்டுனது, மீதி வண்டி பேங்க் மேனேஜர் சம்சாரம் ஓட்டுனது. நம்மளாட்ட ஆளுக ஆரும் காரே ஓட்டுனதில்லையாட்ட இருக்குது.

அவன் சொன்னதை உட்டுத்தள்ளு. வண்டி என்ன சொல்லுதுன்னு பாக்கலாம் வா. பானெட்டைத் தொற. சக்கரத்துக்கு மேல இருக்கற பெண்டர் தகட்டைப் புடிச்சிருக்கற போல்ட்டுத் தலையைப் பாரு. கம்பெனியில தகட்டோட சேத்தி போல்ட்டுக்கும் பெயிண்ட் ஏறியிருக்கும். ஸ்பேனர் பட்டிருந்தா ஓரத்துல பெயிண்ட் ஒடைஞ்சு வெள்ளைக்கோடு தெரியும். வலதுபக்கம் நாலும் செவனேன்னு இருக்குது, எடதுபக்கம் நாலும் தோல் உரிஞ்சு நிக்குது பாத்தியா? சித்தெக் குனி. அப்ரான் ஓரத்துல மிஷினு வெச்ச ஸ்பாட் வெல்டு சின்னச்சின்ன வட்டக்குழியா, ஒரே எடைவெளியில வரிசையா இருக்கோணும். வலதுபக்கம் அப்படித்தான் இருக்குது. எடதுபக்கம் குழியையே காணோம். கையில வெல்டிங் வெச்சு, கிரைண்டர் போட்டு, மேல கருப்பு சீலரை அப்பியிருக்கறான்.

காந்தம் எடுத்துட்டுப் போயிப் பாத்தேன்னு பெருமையாச் சொன்னியே, அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியலே. பம்பருல வெச்சுப்போட்டு "ஒட்டவேயில்லை, பூராப் பட்டி"ன்னு அலறுனியாமே! பம்பரு பிளாஸ்டிக்கு கண்ணு, அதுல காந்தம் என்னைக்கு ஒட்டுச்சு? காந்தத்தைத் துணியில சுத்திக் கதவு, பெண்டரு, டிக்கிக்குப் பின்னாடி தகடுன்னு வரிசையா வெச்சுப் பாக்கோணும். ஒரு எடத்துல கவ்வறது, பக்கத்துல வழுக்குனா அங்க பட்டி அப்பியிருக்குதுன்னு அர்த்தம். இதைவிட நல்லது பெயிண்ட் கனம் பாக்கற மீட்டர். கம்பெனிப் பெயிண்டு 100 மைக்ரானுக்கு அக்கம்பக்கம் காட்டும். மேல இன்னொருக்கா அடிச்சிருந்தா 200, 300ன்னு ஏறும். 500க்கு மேல போனா உள்ள பட்டி குடியிருக்குதுன்னு எழுதி வெச்சுக்கோ. ஆனா ஒரு கதவு 250 காட்டுதுன்னு ஒடனே சண்டைக்குப் போயிராதே. ப்ரப் ரோட்டுல கார் ஓட்டுனவன் எவன் வண்டியிலதான் கீறல் இல்லை? கீறலுக்கு அடிச்ச பெயிண்டு வேற, அப்ரான் தகட்டை அறுத்து ஒட்டுனது வேற. மொதலாவது அழகு, ரெண்டாவதுல உசிரு இருக்குது.

இன்னொன்னு, சாவியைப் போட்டதும் ஏர்பேக் வெளக்கு எரிஞ்சு சில நொடியில அணையோணும். உன்ற வண்டியில ஒழுங்காத்தான் எரிஞ்சு அணையுது, பாத்தேன். ஆனா சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்து அடியில தெச்சிருக்கற லேபிளைப் படிச்சியா? வண்டி 2019, டிரைவர் பெல்ட்டுல அடிச்சிருக்கற தேதி 2022. பெல்ட்டு மாத்தியிருக்கறாங்க. பெரிய மோதல்ல பெல்ட்டு தானா இறுகிப் பூட்டிக்கும், அப்புறம் அதை மாத்தித்தான் ஆவோணும். அப்போ ஏர்பேக்கும் வெடிச்சிருக்குமில்ல? புது ஏர்பேக் வெச்சானா, இல்லை கனெக்டருல ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சொருகி "பை இருக்குது"ன்னு வண்டிக்கே பொய் சொல்லி உட்டுட்டானான்னு தெரியோணும். அந்த ரெசிஸ்டருக்கு ஆகற செலவு ரெண்டு டீ குடிக்கற காசு. இதை நீயா நோண்டாதே, தெரிஞ்ச ஆள் கையில தொறந்து போட்டோ புடி. உள்ள ரெசிஸ்டர் மட்டும் இருந்துதுன்னு வெய்யி, உனக்கு உசிருக்கு ஆபத்து, வழக்குக்குப் பொக்கிஷம். ஏன்னு பொறவு சொல்றேன்.

கையுறைப் பொட்டியில கெடந்த பழைய இன்சூரன்ஸ் காயிதத்தையும் தொட்டுப் பாத்திருக்க மாட்டே. நோ கிளெய்ம் போனஸ்னு ஒரு வரி இருக்கும். கிளெய்ம் பண்ணாத வருசத்துக்கு 20, 25, 35, 45, 50ன்னு சதவீதம் ஏறிட்டே போவும். 2022 காயிதத்துல 35 இருக்குது. 2023ல பூச்சியம். மலையேறிட்டு இருந்தவன் திடீர்னு பள்ளத்துல கெடக்கறான்னா, நடுவுல எங்கியோ உருண்டிருக்கறான். பாலிசியைப் புதுப்பிக்காம 90 நாளுக்கு மேல உட்டாலும் போனஸ் போயிரும், அதையும் பாத்தேன். தேதியில ஓட்டை கெடையாது. அப்போ 2022க்கும் 2023க்கும் நடுவுல கிளெய்ம் நடந்திருக்குது. கம்பெனி சர்வீஸ் சென்டருல இந்த நம்பரைச் சொல்லிப் பழைய சர்வீஸ் வெவரத்தைக் கேட்டு வாங்கு. பாடி ஷாப்புல எத்தனை நாள் படுத்துக் கெடந்துதுன்னு அதுல வரும். இதெல்லாம் சோத்துப்பதம்தான். கைக்காசு போட்டு ஊர் டிங்கரிங் பட்டறையில தட்டியிருந்தா, எந்தக் காயிதத்துலயும் வராது. ஆர்.சி.யைச் செல்போன்ல தட்டிப் பாத்தேன், சுத்தமா இருந்துதுன்னியே, அதுல எத்தனாவது ஓனரு, கடன் இருக்குதா, இன்சூரன்ஸ் எப்ப முடியுதுங்கறது வரும். முட்டுனது மோதுனது வராது.

செரி, இப்போ சட்டத்துக்கு வருவோம். ஈரோட்டுக் கோர்ட்டுல வக்கீல் குமாஸ்தாவாக் கட்டுத் தூக்கித்தான் உங்கம்மாளைக் கட்டிக் குடுத்தேன், கட்டுல என்ன எழுதியிருக்குதுன்னு படிக்காமலா தூக்கியிருப்பேன்?

1872ல எழுதுன இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆவது பிரிவு. மோசடின்னா என்னன்னு அதுல சொல்லியிருக்கறாங்க. அந்தக் காலத்துல ஏது காரு? குதிரையை வெச்சுத்தான் உதாரணம் எழுதியிருக்கறான் வெள்ளைக்காரன். ஒருத்தன் தங்கிட்ட இருக்கற குதிரையை ஏலத்துல விக்கறான். குதிரைக்குக் கோளாறு இருக்குதுன்னு அவனுக்குத் தெரியும். வாயைத் தொறக்கலே. வாங்குனவனும் கேக்கலே. இது மோசடியா? இல்லைங்குது சட்டம். சும்மா வாயை மூடிட்டு இருந்தது குத்தமில்லையாம். ஆடி மாசம் அந்தியூரு குருநாதசாமி கோயில் தேருக்குக் கூடற குதிரைச் சந்தையில இருக்கற அத்தனை தரகனும் இந்தப் பிரிவைப் படிச்சவனாட்டத்தான் நடந்துக்குவான்.

ஆனா அதே பிரிவுல கீழ இன்னொரு உதாரணம் இருக்குது கண்ணு. வாங்க வந்தவன், "நீங்க மறுத்துச் சொல்லலீன்னா குதிரை நல்லாருக்குதுன்னு நான் எடுத்துக்குவனுங்க"ன்னு சொல்லிப்போடறான். வித்தவன் இப்பவும் வாயைத் தொறக்கலே. இப்போ அந்த மௌனம் பேச்சுக்குச் சமமாயிருது. அதே குதிரை, அதே கோளாறு, அதே கள்ள மௌனம். நடுவுல ஒரே ஒரு வாக்கியம் வந்து உக்காந்ததும் சங்கதி தலைகீழாப் போச்சு. அந்த வாக்கியத்துக்குக் காசு பணம் வேண்டியதில்லை. நீ கார் வாங்கப் போயி ஏ.சி. கூலிங்கைக் கேட்டே, மைலேஜைக் கேட்டே, பாட்டுப் பொட்டி சத்தத்தைக் கேட்டே, கூட ரெண்டு மிதியடி கேட்டு வாங்குனே. இதைக் கேட்டியா?

கேக்கலீன்னு தலையைத் தொங்கப் போடாதே. உனக்கு யோகம் இருக்குது. வித்தவனே வாயைத் தொறந்துட்டான். வாட்சப்புல போட்டோவோட, "சிங்கிள் ஓனர், நான் ஆக்சிடெண்ட்"னு அனுப்பியிருக்கறான் இல்ல? அது மௌனமே கெடையாது, பச்சைப் பொய். அதுக்கும் மேல, தெரிஞ்சே ஒன்னை மூடி மறைக்கறதும் அதே பிரிவுல மோசடிதான். அப்ரானை அறுத்து ஒட்டி மேல கருப்பு சீலர் அப்புறதும், ஏர்பேக் இல்லாததை ரெசிஸ்டர் வெச்சு மறைக்கறதும் அந்த வகைதான். அவனே பண்ணுனானா, பண்ணுனது அவனுக்குத் தெரியுமாங்கறதை மட்டும் காட்டியாகோணும்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்குது, வக்கீலுகளே சில பேரு வழுக்கி உழுவற எடம். 19ஆவது பிரிவு, இப்படி ஏமாந்தவன் ஒப்பந்தத்தை ரத்துப் பண்ணிக்கலாமுங்குது. கூடவே ஒரு விலக்கும் வெச்சிருக்குது. அவன் மௌனமா இருந்து ஏமாத்தினாலோ, தெரியாத்தனமாத் தப்பாச் சொல்லியிருந்தாலோ, நீ சாதாரணமா முயற்சி பண்ணியிருந்தா உண்மையைக் கண்டுபுடிச்சிருக்கலாமுன்னா ரத்துப் பண்ண முடியாது. "கண்ணு எங்க வெச்சிருந்தே"ன்னு கேப்பாங்க. தெரிஞ்சே பொய் சொல்லியிருந்தாலோ மூடி மறைச்சிருந்தாலோ அந்தக் கேள்விக்கு எடமில்லை. திருடன் "நீ ஏன் பூட்டலே"ன்னு கேக்க முடியாதில்ல? இப்பத் தெரியுதா, அந்த ரெசிஸ்டரைப் பொக்கிஷமுன்னு ஏஞ் சொன்னேன்னு.

சரக்கு விற்பனைச் சட்டமுன்னு 1930ல வந்த ஒன்னும் இருக்குது. வாங்கறவன்தான் பாத்து வாங்கோணுமுங்கறதுதான் அதுல அடிப்படை. வியாபாரியாவே இருக்கறவன்கிட்ட இன்ன சரக்குன்னு சொல்லி வாங்குனா, அது விக்கத்தக்க தரத்துல இருக்கோணுமுன்னு ஒரு காப்பு குடுக்குது. நீ சரக்கைச் சோதிச்சுப் பாத்திருந்தா, அந்தச் சோதனையில தெரிஞ்சிருக்க வேண்டிய கோளாறுக்கு மட்டும் அந்தக் காப்பு இல்லை. நீ பாத்த சோதனைதான் ஊருக்கே தெரியுமே, டயரை ஒரு ஒதை, கதவை ஒரு அடி. அப்ரான் வெல்டு அந்த ஒதையில தெரியாதுன்னு எந்தக் கோர்ட்டுலயும் சொல்லலாம்.

இனி ஆரு மேல கேஸு? இங்கதான் கன்சல்டிங்காரன் நழுவற எடம். போயிக் கேட்டா என்ன சொல்லுவான்? "நாங்க நடுவுல நின்ன புரோக்கருதானுங்க, வித்தது டாக்டருங்க, ஆர்.சி.யில அவரு பேருதான் இருந்துதுங்க"ம்பான். இதுக்குன்னே 2022 டிசம்பருல மத்திய மோட்டார் வாகன விதியைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1லிருந்து நடைமுறைக்குக் கொண்டாந்தாங்க. பழைய வண்டி வியாபாரம் பண்றவன் ஆர்.டி.ஓ.கிட்ட அங்கீகாரச் சான்று வாங்கோணும், அது அஞ்சு வருசத்துக்குச் செல்லும். ஓனரு வண்டியை அவன்கிட்ட உட்டதும் 29-சி படிவத்துல ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கோணும். அன்னையிலிருந்து விக்கற வரைக்கும் அவனே ஓனருன்னு கணக்கு. அவன் கடைச் சொவத்துல அந்தச் சான்று தொங்குச்சா, மகாலட்சுமி காலண்டர் மட்டும் தொங்குச்சா? சான்று இருந்தா, "நான் வெறும் புரோக்கரு"ங்கற பேச்சு ஏறாது. இல்லீன்னா, சான்று இல்லாம எப்படி யாவாரம் பண்ணுனேன்னு அவன்தான் பதில் சொல்லோணும். உன்ற கிட்ட இருக்கற அட்வான்ஸ் ரசீது, ஜிபே பணம் ஆரு கணக்குக்குப் போச்சுங்கறது, டெலிவரி நோட்டுல ஆரு கையெழுத்து, எல்லாம் எடுத்து வெய்யி. பணம் ஆரு கணக்குல உழுந்துதோ, அவன் கழுத்துலதான் கயிறு.

டெலிவரி நோட்டுக்குக் கீழ பொடி எழுத்துல, "உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன், பின்னால் எந்தக் கேள்வியும் கேட்கமாட்டேன்"னு அச்சடிச்சிருக்கறதைப் பாத்து நீ பயந்துக்கிட்டயாமா. சாதாரணக் கோளாறுக்கு அது அவனுக்கு ஓரளவு கை குடுக்கும். மோசடிக்குக் குடுக்காது. உள்ளதை உள்ளபடி காட்டியிருந்தாத்தானே உள்ளபடி?

இன்னொரு ஆசை உனக்கு இருக்குதாட்ட, காரைச் செஞ்ச பெரிய கம்பெனியையும் இழுத்து உட்டா நெறையத் தருவாங்கன்னு. கோவாவுல ஒருத்தரு அந்த மாதிரி இழுத்தாரு. 2011 மாடல் புதுக்காருன்னு காசு கட்டுனாரு. டீலர் குடுத்தது 2009 மாடல், 622 கிலோமீட்டர் ஓடியிருந்தது, அடித்தகட்டுல துரு, மேல கீறல். மாவட்ட நுகர்வோர் மன்றத்துல ஜெயிச்சாரு, மாநிலத்துல ஜெயிச்சாரு, டெல்லி தேசிய ஆணையத்துலயும் ஜெயிச்சாரு. டாடா மோட்டார்ஸ் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. 2021 பிப்ரவரி 18ல தீர்ப்பு வந்துது. டீலருக்கும் கம்பெனிக்கும் நடுவுல இருக்கறது மொதலாளிக்கு மொதலாளிங்கற ஒறவு, டீலர் பண்ணுன இந்த வேலை கம்பெனிக்குத் தெரியுமுன்னு காட்டாம கம்பெனியைப் புடிக்க முடியாதுன்னு, கம்பெனி மேல இருந்த உத்தரவை ரத்துப் பண்ணிட்டாங்க. டீலர் மேல இருந்தது இருந்தபடியே நின்னுது. அதுனால நீ கம்பெனி ஜோலிக்குப் போவாதே. பொய் ஆரு வாயிலிருந்து வந்துதோ, அவனைப் புடி.

அமெரிக்காவுலயும் இப்படி ஒரு டாக்டரு இருந்தாரு, நெசமாவே டாக்டரு. 1990ல அலபாமாவுல பி.எம்.டபிள்யூ புதுக்காரு வாங்குனாரு. ஒம்பது மாசங் கழிச்சு, பாலீஷ் போடற கடைக்காரன் "இதுக்கு மறுபடி பெயிண்ட் அடிச்சிருக்குதே"ன்னு போட்டு ஒடைச்சான். வழியில அமில மழை பட்டுப் பெயிண்ட் கெட்டதை 601 டாலர் செலவு பண்ணி அடிச்சிருக்கறாங்க. ரிப்பேர் செலவு வெலையில நூத்துக்கு 3க்குள்ள இருந்தா வாங்கறவன்கிட்டச் சொல்ல வேண்டியதில்லைன்னு கம்பெனியிலயே ஒரு விதி வெச்சிருந்தாங்களாம். ஜூரி என்ன பண்ணுச்சு? நட்டத்துக்கு 4,000 டாலர், தண்டனைக்கு 40 லட்சம் டாலர்! அந்த மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையைப் பாதியாக்குச்சு. 1996ல அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு, அதுவும் ரொம்ப அதிகமுன்னு திருப்பி அனுப்பிருச்சு. கடைசியில 50,000 டாலர்ல வந்து நின்னுது. நம்மூருல அந்த 40 லட்சக் கனவெல்லாங் காணாதே. இங்க கெடைக்கறது கணக்குக் காட்டற நட்டமும், மன உளைச்சலுக்குன்னு கொஞ்சமுந்தான்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்றேன், செல்போனைக் கீழ வெச்சுப்போட்டுக் கேளு. மொதல் வேலை, வண்டியை ஓட்டறதை நிறுத்து. "வித்ததை நான் ஒத்துக்கலே"ன்னு சொல்லிட்டே தெனமும் பெருந்துறைக்கும் பவானிக்கும் ஓட்டிட்டுத் திரிஞ்சா, ஏத்துக்கிட்டு அனுபவிக்கறேன்னு ஆயிரும். அப்புறம் திருப்பிக் குடுக்கற உரிமை போயி, நட்ட ஈடு மட்டுந்தான் மிஞ்சும். ரெண்டாவது, எதையும் ரிப்பேர் பண்ணாதே. வளைஞ்ச தகடுதான் உன்ற சாட்சி, சாட்சியை நீயே சுத்தி போட்டு நிமுத்திராதே. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்துக்கிட்ட லைசென்ஸ் வாங்குன மோட்டார் சர்வேயர் ஒருத்தரைப் புடிச்சு, லிப்டுல ஏத்தி, போட்டோவோட எழுத்துல அறிக்கை வாங்கு. மெக்கானிக் வாயில சொல்றது டீக்கடைக்கு ஆகும், நுகர்வோர் ஆணையத்துக்கு ஆகாது.

மூணாவது, அந்த வாட்சப்பு மெசேஜு. அதை அழிச்சிராதே, போனையும் மாத்திராதே. 2024 ஜூலை 1லிருந்து பாரதிய சாட்சிய சட்டம் 63ஆவது பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் வெக்கோணும். ஸ்கிரீன்ஷாட் பிரிண்டை மட்டும் நீட்டுனா எதிர்க்கட்சி வக்கீலு ஊதித் தள்ளிருவான். அப்புறம் ஒரு நோட்டீசு. ஸ்பீடு போஸ்ட்டுல ஒப்புதல் அட்டையோட அனுப்பு. "நீ இன்ன தேதியில இன்னபடி சொன்னே, வண்டி இன்னபடி இருக்குது, ஒப்பந்தத்தை ரத்துப் பண்றேன், 15 நாளுக்குள்ள பணத்தைக் குடுத்துப்போட்டு வண்டியை எடுத்துட்டுப் போ"ன்னு. வசவு வேண்டாம். வசவு எழுதுனா அவன் வக்கீலு அதை மட்டும் படிச்சுக் காட்டுவான்.

பொறவு நுகர்வோர் ஆணையம். வித்தவன் கோயமுத்தூருக்காரன்னாலும் நீ அங்க அலைய வேண்டியதில்லை. 2019 சட்டத்துல நீ குடியிருக்கற ஊருலயே போடலாம், நம்ம ஈரோட்டு மாவட்ட ஆணையமே போதும். காரணம் எழுந்த நாளிலிருந்து ரெண்டு வருசத்துக்குள்ள போடோணும். 5 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரைக்கும் கட்டணம் 200 ரூபா. நீ அந்த வண்டிக்கு வாங்குன சீட்டு உறையே அதைவிட எச்சு. வக்கீல் வெச்சுத்தான் ஆகோணுமுன்னு இல்லை, நீயே போயிப் பேசலாம். எதிர்க்கட்சிக்குப் பதில் சொல்ல 30 நாள், கூட 15 நாள், அதுக்கு மேல கெடையாதுன்னு 2020ல சுப்ரீம் கோர்ட்டே அடிச்சுச் சொல்லிருச்சு. மூணு மாசத்துல முடிக்கோணும், சோதனை வேண்டியிருந்தா அஞ்சு மாசமுன்னு சட்டத்துல இருக்குது. சட்டத்துல இருக்குதுன்னுதான் சொன்னேன்.

மனு எழுதறப்ப ஒரு சூதானம் வேணும். "சதி, மோசடி, கூட்டுக் கொள்ளை"ன்னு சினிமா வசனம் எழுதிராதே. 2023ல நம்ம தமிழ்நாட்டு பேங்க் வழக்கு ஒன்னுல, மோசடியும் குத்தமும் கலந்த சிக்கலான தகராறை நுகர்வோர் ஆணையத்துல சுருக்க விசாரணையில தீர்க்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்குது. எதிர்க்கட்சி அதைக் காட்டி, "சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லுங்க"ம்பான். நீ என்ன எழுதறேன்னா, சரக்குல குறைபாடு, தரத்தைப் பத்திப் பொய்யாச் சொன்ன முறையற்ற வணிகம், இந்தா மெசேஜு, இந்தா சர்வேயர் அறிக்கை, இந்தா சீட் பெல்ட்டு லேபிளு. அவ்வளவுதான். காயிதம் பேசட்டும், நீ பேசாதே.

கேக்கறதை ரெண்டு விதமாக் கேளு. மொதல்ல வண்டியை எடுத்துட்டு 5,40,000 திருப்பிக் குடுக்கச் சொல்லு. அது இல்லீன்னா, வெலை வித்தியாசம். இதே மாடலு, இதே வருசம், அடிபட்ட வண்டின்னு சொல்லியே விக்கறவன் எவ்வளவு சொல்றான்னு ரெண்டு எடத்துல எழுத்துல வெலை கேட்டு வாங்கு. 3,70,000ன்னு வந்துதுன்னா வித்தியாசம் 1,70,000. அதோட சர்வேயர் கூலி, டயர் காசு. மனசுல தோணுன ரவுண்டு தொகையை எழுதுனா, மனசுல தோணுன மாதிரியே வெட்டி உடுவாங்க.

போலீசுக்குப் போறேன்னு துள்ளாதே. பாரதிய நியாய சட்டம் 318, ஏமாத்தறது, ஏழு வருசம் வரைக்கும் ஜெயிலு, எல்லாம் இருக்குது. ஆனா வாங்குன அன்னைக்கே ஏமாத்தற நெனப்பு அவனுக்கு இருந்துதுன்னு காட்டோணும். ஸ்டேசன்ல "இது சிவில் மேட்டரு தம்பி"ன்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வெப்பாங்க, டீக்குக் காசும் நீதான் குடுப்பே.

நீ கன்சல்டிங்குல வாங்குனதால இந்த வழியெல்லாம். பக்கத்துத் தெருக்காரன் தன்ற சொந்தக் காரை வித்திருந்தா, அவன் வியாபாரி இல்லைன்னு நுகர்வோர் ஆணையத்துல கதவைச் சாத்திருவாங்க. சம்பத் நகர் சிவில் கோர்ட்டுக்குத்தான் போவோணும். உண்மை தெரிஞ்ச நாளிலிருந்து மூணு வருசம் டைம் இருக்குது, ஆனா கோர்ட் கட்டணம் நூத்துக்கு 3 ரூபா. உன்ற வண்டிக்கு 16,200. 200 ரூபாயோட அருமை இப்பத் தெரியுமே.

என்ன, முணுமுணுக்கறே? சத்தமாச் சொல்லு. "இத்தனை ரோதனை எதுக்குங்க அப்பிச்சி, பேசாம நம்ம மச்சானுக்கு வித்துப்போடறனுங்க, அவன் கார் வேணுமுன்னு கேட்டுட்டே இருக்கறான்."

அட என்ற ராசா! இன்னைக்கு வரைக்கும் நீ ஏமாந்தவன். அப்ரானைக் குனிஞ்சு பாத்த நிமிசத்திலிருந்து நீ தெரிஞ்சவன். அந்த 17ஆவது பிரிவுல நான் சொல்லாம உட்ட உதாரணம் ஒன்னு நடுவுல இருக்குது. அதே குதிரையை ஒருத்தன் தன்ற மகளுக்கே விக்கறான், அவ இப்பத்தான் வயசுக்கு வந்து சட்டப்படி பெரியவளானவ. அந்த மாதிரி ஒறவுல கேக்காமயே சொல்லியாகோணும், மௌனம் செல்லாதுங்குது சட்டம். மச்சானைப் பத்தி அதுல ஒன்னும் எழுதலே, நெசந்தான். ஆனா அந்த மச்சானோட அக்காதானே உன்ற ஊட்டுல சோறாக்கிப் போடறா? அந்தக் கோர்ட்டுல வாய்தாவுங் கெடையாது, அப்பீலுங் கெடையாது. போ, போயி அந்தப் போனை எடுத்துட்டு வா. அவன் அனுப்புன மெசேஜுல தேதி தெரியுதான்னு மொதல்ல பாக்கலாம்.